குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது, விசில் எதைச் சொல்கிறது?

கேள்வி: பிரஷர் குக்கருக்குள் தண்ணீரின் கொதிநிலை உயர்வதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது என்று படித்தேன். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏன் உயர வேண்டும்? விசில் கூடக் கூட உள்ளே சூடும் கூடிக்கொண்டே போகுமா? சென்னையில் எனக்கு நாலு விசிலில் குழைந்துவிடும் துவரம்பருப்பு, ஊட்டியில் நாத்தனார் வீட்டில் அதே மாதிரி குக்கரில் ஆறு விசில் கேட்கிறது. அது ஏன்?

பதில்:

முதலில் மூடாத பாத்திரத்தில் பருப்பு வேகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர் சூடேறி 100 டிகிரியைத் தொட்டதும் தளதளவென்று கொதிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் தண்ணீரின் சூடு 100-ஐத் தாண்டாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. அந்தச் செலவு சாதாரணமானது இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல், அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படும். ஆக, திறந்த பாத்திரத்தில் தீயைக் கூட்டினால் கேஸ் வேகமாகத் தீரும், தண்ணீர் வேகமாகச் சுண்டும். பருப்பு மட்டும் அதே வேகத்தில்தான் வேகும், ஏனென்றால் அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் அதே 100 டிகிரியில்தான் இருக்கிறது.

அந்த 100 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. அது தண்ணீருக்கு மட்டுமே உரிய எண் இல்லை. தண்ணீரும் அதன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றும் சேர்ந்து தீர்மானிக்கும் எண்.

கொதித்தல் என்றால் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டும் ஆவியாவது இல்லை. தண்ணீருக்கு உள்ளேயே, பாத்திரத்தின் அடியில், நீராவிக் குமிழிகள் உருவாகி மேலே வருவதுதான் கொதித்தல். ஒரு குமிழி உள்ளே உருவாகி நிலைக்க வேண்டுமானால், அதற்குள் இருக்கும் நீராவி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் மேலே வளிமண்டலக் காற்று, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ எடை வைத்ததற்குச் சமமாக, அழுத்திக்கொண்டே இருக்கிறது. 80 டிகிரியில் நீராவிக்கு அதில் பாதி பலம்கூடக் கிடையாது. அதனால் குமிழி உருவாகப் பார்த்தாலும் நசுங்கிவிடும். சூடு ஏற ஏற நீராவியின் அழுத்தம் வேகமாகக் கூடுகிறது. 100 டிகிரியில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து குமிழிகள் நசுங்காமல் எழும்பி வரும். கொதி வந்துவிட்டது என்கிறோம்.

சரி, இப்போது மேலே இருக்கும் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால்? 100 டிகிரியில் குமிழி உருவாக முடியாது. நீராவி இன்னும் பலம் பெற வேண்டும், அதற்குத் தண்ணீர் இன்னும் சூடாக வேண்டும். 110 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.46 கிலோ. 120 டிகிரியில் சுமார் 2 கிலோ. ஆக அழுத்தம் இரு மடங்கானால் கொதிநிலை 120-க்குப் போகிறது. குக்கர் செய்வது இவ்வளவுதான். நீராவியை வெளியே விடாமல் அடைத்து, அந்த நீராவியைக் கொண்டே தண்ணீரை அழுத்தி, அது கொதித்துத் தப்பிப்பதைத் தள்ளிப்போடுகிறது. ஆவியாகத் தப்பிக்க முடியாததால் அடுப்பின் வெப்பம் தண்ணீரிலேயே தங்கிச் சூட்டை ஏற்றுகிறது.

எவ்வளவு அழுத்தம் வரை விடலாம் என்று முடிவு செய்வது மூடிமேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வெயிட். அதன் கணக்கு அழகானது. வெயிட் மூடும் ஓட்டையின் விட்டம் 3.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் 100 கிராம் வெயிட்டை வைத்தால், உள்ளேயிருக்கும் நீராவி அதைத் தூக்குவதற்கு வெளிக்காற்றைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அதிக அழுத்தம் பெற்றிருக்க வேண்டும். நம் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. கைக்கு அடக்கமான ஒரு வெயிட்டுக்கு அவ்வளவு அழுத்தத்தை அடக்கிவைக்க முடிவது ஓட்டை அவ்வளவு சிறியது என்பதால்தான். 1679-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பப்பான் லண்டனில் ராயல் சொசைட்டிக்கு ஒரு கனமான மூடிய பாத்திரத்தைச் செய்து காட்டினார். எலும்பையே மெத்தென்று ஆக்கிய அந்தப் பாத்திரத்துக்கு, அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க எடையால் இயங்கும் வால்வு ஒன்றையும் அவர் உருவாக்கினார். நம் விசிலுக்கு மூதாதை அதுதான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. விசில் கூடக் கூட உள்ளே சூடு ஏறுமா? ஏறாது. வெயிட் தூக்கும் அழுத்தம் ஒன்றே ஒன்றுதான். அதை எட்டியதும் வெயிட் எழும்புகிறது, கொஞ்சம் நீராவி வெளியேறுகிறது, அழுத்தம் சற்றுக் குறைகிறது, வெயிட் மறுபடி உட்காருகிறது. உள்ளே காற்று இல்லாமல் நீராவி மட்டும் நிறைந்திருந்தால், நாலாவது விசிலில் இருக்கும் அதே 120 டிகிரிதான் பத்தாவது விசிலிலும் இருக்கும். விசில் என்பது இதற்கு மேல் வேண்டாம் என்று குக்கர் கழித்துவிடும் உபரி. தீயை அதிகமாக வைத்தால் உபரி அதிகம், விசில் அடிக்கடி வரும். சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரலாம், வராமலே கூட இருக்கலாம். இரண்டிலும் பருப்பு ஏறக்குறைய அதே சூட்டில்தான் வெந்துகொண்டிருக்கிறது.

அழுத்தம் பருப்பை நேரடியாக நசுக்கி வேகவைக்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தமும் குக்கருக்குள் இருக்கும் அழுத்தமும் ஒன்றுதான். அங்கே ஒரு பிடி பருப்பைக் கொண்டுபோய் வைத்தால் அது ஊறும், வேகாது. வேகவைப்பது சூடு மட்டுமே. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது சூட்டில் உடைந்து கரையும்போதுதான் பருப்பு மலர்ந்து குழைகிறது. இறைச்சியில் இறுக்கமான கொலாஜன் ஜெலட்டினாக மாறுவதும் இதே போலச் சூட்டால் நடக்கும் வேதிமாற்றம்தான். இத்தகைய மாற்றங்கள் 10 டிகிரி கூடினால் சுமாராக இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பது தோராயமான கணக்கு. 20 டிகிரி கூடினால் நாலு மடங்கு. திறந்த பாத்திரத்தில் 40 நிமிடம் பிடிக்கும் துவரம்பருப்பு, 120 டிகிரியில் பத்து நிமிடத்தில் குழைவது இதனால்தான். எண்ணைப் பார்த்தால் 100-க்கும் 120-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகத்தில் அது நாலு மடங்கு.

இப்போது பலர் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். என் பார்வையில் குக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கியமானது இது. முதல் விசில் வந்துவிட்டால் உள்ளே 120 டிகிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். வெயிட்டை எப்போது போட்டீர்கள் என்பதைப் பொறுத்து, அது உண்மையாகவும் இருக்கலாம், வெகு தூரத்திலும் இருக்கலாம்.

குக்கரை மூடும்போது தண்ணீருக்கு மேலே காலியாக இருக்கும் இடம் முழுக்கக் காற்று. அடுப்பில் வைப்பதற்கு முன்பே வெயிட்டைப் போட்டு அடைத்துவிட்டால் அந்தக் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதுவும் சூடேறி, விரிய இடமில்லாமல், தன் பங்குக்கு அழுத்தம் கொடுக்கிறது. வெயிட்டுக்குத் தன்னைத் தூக்குவது காற்றா நீராவியா என்று தெரியாது, மொத்த அழுத்தம் மட்டுமே கணக்கு. கொஞ்சமும் கசியாமல் அடைத்திருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிட்டைத் தூக்க உள்ளே மொத்தம் சுமார் 2 கிலோ அழுத்தம் வேண்டும். அறைச் சூட்டில் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் இருந்த காற்று, 93 டிகிரிக்கு வரும்போது 1.2 கிலோவாக ஆகியிருக்கும். அதே 93 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 0.8 கிலோ. இரண்டும் சேர்ந்து 2 கிலோ. அதாவது தண்ணீர் 93 டிகிரியில் இருக்கும்போதே, திறந்த பாத்திரத்தில் கொதித்திருக்கக்கூட முடியாத சூட்டில், முதல் விசில் வந்துவிடலாம்!

உண்மையில் காஸ்கெட் ஓரத்திலும் வெயிட்டின் அடியிலும் தொடக்கத்தில் கொஞ்சம் காற்று கசிந்து போய்விடுவதால் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் முதல் விசிலில் சூடு 120-ஐவிடக் குறைவாக இருக்கும். அடுத்தடுத்த விசில்களில் காற்றும் நீராவியும் கலந்து வெளியேறும். வெளியே போன காற்றின் இடத்தைப் புதிதாக உண்டாகும் நீராவி நிரப்பும். இப்படி ஒவ்வொரு விசிலாகக் காற்று குறைந்து, அப்புறம்தான் மொத்த அழுத்தமும் நீராவியுடையதாகி, சூடு 120-க்குப் பக்கத்தில் வரும். விசில் கூடினால் சூடு கூடுமா என்று கேட்டீர்களே, காற்று மாட்டிக்கொண்ட குக்கரில் மட்டும் முதல் சில விசில்கள் வரை அது உண்மை.

வெயிட்டைக் கழற்றிப் போடும் வகைக் குக்கரில் இதற்கு எளிய வழி உண்டு. வெயிட் இல்லாமல் மூடி அடுப்பில் வையுங்கள். ஓட்டை வழியாக முதலில் லேசாகப் புகை மாதிரி வரும். அது காற்றும் ஆவியும் கலந்தது, அதை நம்பி வெயிட்டைப் போட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் சீரான, நேரான ஆவி விசையோடு சீறிக்கொண்டு வரும். ஒரு நிமிடம் அப்படி விட்டுவிட்டு வெயிட்டைப் போட்டால், உள்ளேயிருந்த காற்றில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். பிறகு வரும் முதல் விசிலே உண்மையான விசில். பாட்டிமார்கள் ஆவி வந்த பிறகு வெயிட்டைப் போடு என்று சொன்னதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான்.

அதனால் என் ஆலோசனை, விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். ஆவி சீராக வந்ததும் வெயிட், முதல் விசில் வரும் வரை பெரிய தீ. முதல் விசில் வந்ததும் சிம்முக்குக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை விடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே 100 டிகிரிக்கு மேல் சில நிமிடம் இருப்பதால் அந்த நேரமும் வேக்காட்டில் சேரும். பெரிய தீயிலேயே வைத்து நாலு விசில் எண்ணினால், அடுப்பின் அளவு, குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர் இவற்றைப் பொறுத்து அது நாலு நிமிடமாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். ஒரு வீட்டு விசில் கணக்கு இன்னொரு வீட்டில் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி ஊட்டிக்கு வரலாம். உங்கள் நாத்தனார் வீடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைவு, அதனால் வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.78 கிலோதான். குமிழி உருவாக நீராவிக்கு அவ்வளவு பலம் போதும், ஆகவே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏழு டிகிரிக்கு மேல் குறைந்துவிட்டது. மேலே சொன்ன இரட்டிப்புக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், சென்னையில் 40 நிமிடம் பிடித்த பருப்பு அங்கே மூடாத பாத்திரத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். மலையூர்களில் குக்கர் இல்லாமல் பருப்போ கடலையோ வேகவைப்பது எவ்வளவு சிரமம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

குக்கரில் என்ன ஆகிறது? வெயிட் தூக்குவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் எங்கேயும் 1 கிலோதான். சென்னையில் வெளியே 1.03, அதோடு 1 சேர்ந்து உள்ளே சுமார் 2.03. ஊட்டியில் வெளியே 0.78, அதோடு 1 சேர்ந்து உள்ளே 1.78. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 116 டிகிரி. நாலு டிகிரி குறைவு. சென்னையில் பத்து நிமிடம் என்றால் அங்கே சுமார் பதின்மூன்று நிமிடம் வேண்டும். நாலு விசில் ஆறு விசிலானதில் ஒரு பகுதிக்கு இது காரணம். மீதிக்குத் தீயின் அளவும் வெயிட் போட்ட நேரமும் காரணமாக இருக்கலாம். திறந்த பாத்திரத்தில் ஏழு டிகிரிக்கு மேல் இழப்பவர் குக்கரில் நாலு டிகிரிதான் இழக்கிறார் என்பதைக் கவனியுங்கள். குக்கர் மலையின் பாதிப்பை முழுக்க நீக்குவதில்லை, ஆனால் பாதியாக்கிவிடுகிறது. அவரிடம் சொல்லுங்கள், விசிலை விட்டுவிட்டு சிம்மில் மூன்று நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும்.

இந்தச் சூடான தண்ணீர் பற்றி எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 120 டிகிரித் தண்ணீர் தண்ணீராகவே இருப்பது அழுத்தம் இருக்கும்வரைதான். சட்டென்று வெயிட்டைத் தூக்கி அழுத்தத்தை விட்டுவிட்டால் அதன் கொதிநிலை நொடியில் 100-க்கு இறங்கிவிடும். கூடுதலாக இருந்த 20 டிகிரி வெப்பம், பாத்திரம் முழுவதும் ஒரே நேரத்தில் கொதிப்பாக வெளிப்படும். ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் அதில் 35 கிராமுக்கு மேல் அப்படியே ஆவியாகும். கேட்கச் சின்ன அளவு, ஆனால் ஆவியாக அதன் பருமன் அறுபது லிட்டர். பருப்புத் தண்ணீர் நுரையோடு ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிப்பதும், ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் தோல் கிழிந்து வெடிப்பதும் இதனால்தான். கடலை முழுசாக இருக்க வேண்டுமென்றால் தானாக அடங்கும்வரை பொறுப்பது ஒன்றுதான் வழி. மூடியை வலுக்கட்டாயமாகத் திறப்பதோ இதைவிட ஆபத்து. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். முழு அழுத்தத்தில் அதன்மேல் உள்ளிருந்து 300 கிலோவுக்கு மேல் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்மூடிக் குக்கரில் அந்த விசையே மூடியைப் பாத்திரத்தின் விளிம்போடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளிமூடிக் குக்கரில் பூட்டு மட்டுமே தடுக்கிறது. அதனால் வெயிட்டை லேசாக நிமிர்த்திப் பார்த்து, சத்தம் ஏதும் இல்லை என்று உறுதியான பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும்.

கொதிநிலை உயரவில்லை, அதாவது அழுத்தம் ஏறவில்லை என்பதைக் குக்கரே காட்டிக்கொடுக்கும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகியும் விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவியோ நீர்த்துளிகளோ தெரிந்தால் காஸ்கெட் விறைத்துவிட்டது அல்லது தொய்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே வெறும் 100 டிகிரிதான், தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டிருக்கும். ஓரத்திலும் கசிவில்லை, விசிலும் இல்லை, ஆனால் குக்கர் உறுமுகிறது என்றால் ஓட்டை அடைத்திருக்கலாம். உடனே அடுப்பை அணைத்து, கிட்டே போகாமல் ஆறவிடுங்கள். பருப்பின் நுரையும் தோலும்தான் பெரும்பாலும் அடைப்பவை, பாதிக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும் அந்த ஒரு சொட்டு எண்ணெயும் இதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுவது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பருப்பு வேகாமல் நறுக்கென்று இருந்தால், கோளாறு கொதிநிலையில் இல்லை. புளியோ தக்காளியோ முதலிலேயே சேர்த்தால் அமிலத்தில் பெக்டின் எளிதில் உடையாது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடினமான போர் தண்ணீரும் அதை இறுக்கிவிடும். நாள்பட்ட, வெப்பத்தில் கிடந்த பருப்பில் பெக்டினே மாறிப்போயிருக்கும். அதற்கு 120 டிகிரியில் இன்னும் கூடுதல் நேரம் கொடுத்தாலும் முழுதாகக் குழையாது. நாத்தனார் வீட்டில் பதின்மூன்று நிமிடத்திலும் சரிப்படவில்லை என்றால் பருப்பை மாற்றியும், குடிநீரில் வேகவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.